இரண்டு இலட்சம், எட்டு வீதம், ஐந்து வருடம்: கூட்டு வட்டியைக் கையால் போட்டுப் பார்ப்பது

வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருக்கும் மாமி ஒரு மாலை வங்கித் துண்டு ஒன்றோடு மேலே வந்தார். 200,000 ரூபாவை ஒரு வருட நிலையான வைப்பில் போட்டிருந்தார். வட்டி வருடத்துக்கு 8 வீதம். வருடம் முடிந்ததும் வட்டியையும் முதலோடு சேர்த்து இன்னொரு வருடத்துக்குப் புதுப்பிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தார். புதுப்பித்த துண்டில் 214,400 என்று இருந்தது.

“ரெண்டு லட்சத்துக்கு எட்டு வீதம் எண்டா பதினாறாயிரம் எல்லோ தம்பி? மிச்சம் ஆயிரத்து அறுநூறு எங்க?” என்று கேட்டார். அடுத்த கேள்வி அதைவிட முக்கியமானது: “இப்பிடியே அஞ்சு வருசம் விட்டா எவ்வளவு வரும்?”

மாமியின் பேரனுடைய சீ.ஆர். கொப்பியில் ஒரு பக்கத்தைத் திறந்து அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அந்த 1,600 ரூபாவைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒன்றும் பிடிக்கப்படாமல் முழு 8 வீதமும் சேர்ந்தால் என்ன வரும் என்பதை முதலில் பார்ப்போம் என்றேன். இங்கேயும் அதே ஒழுங்கில் சொல்கிறேன்.

ஒரு வருடம் ஒரு படி

கூட்டு வட்டி என்பதற்குள் ஒரே ஒரு விதிதான் இருக்கிறது. வருடம் முடிந்ததும் வந்த வட்டி முதலோடு சேர்ந்துவிடும், அடுத்த வருட வட்டி அந்தச் சேர்ந்த தொகைக்குப் போடப்படும். எளிய வட்டியில் எத்தனை வருடம் போனாலும் ஆரம்பத்தில் போட்ட 200,000 ரூபாவுக்கு மட்டும்தான் வட்டி. கூட்டு வட்டியில் வருடத்துக்கு வருடம் வட்டி போடும் தொகையே மாறுகிறது.

கையால் 8 வீதம் எடுக்க நான் சொல்லிக் கொடுக்கும் வழி இது. தொகையின் புள்ளியை இரண்டு இடம் இடப்பக்கம் தள்ளினால் 1 வீதம் கிடைக்கும். அதை எட்டால் பெருக்கினால் முடிந்தது. 200,000 இன் 1 வீதம் 2,000. எட்டு மடங்கு 16,000. ஆக முதல் வருட முடிவில் 216,000.

இரண்டாம் வருடம் 216,000 இலிருந்து தொடங்குகிறது. 1 வீதம் 2,160, எட்டு மடங்கு 17,280. கூட்டினால் 233,280. மூன்றாம் வருடம் 1 வீதம் 2,332.80. இங்கே சதம் தலைகாட்டத் தொடங்குகிறது, அதை விட்டுவிடக் கூடாது. எட்டு மடங்கு 18,662.40. இப்படியே ஐந்து வருடமும் போனால் கொப்பியில் வருவது இது:

| வருடம் | தொடக்கத்தில் | வட்டி | முடிவில் |
|---|---|---|---|
| 1 | 200,000.00 | 16,000.00 | 216,000.00 |
| 2 | 216,000.00 | 17,280.00 | 233,280.00 |
| 3 | 233,280.00 | 18,662.40 | 251,942.40 |
| 4 | 251,942.40 | 20,155.39 | 272,097.79 |
| 5 | 272,097.79 | 21,767.82 | 293,865.61 |

எளிய வட்டியாக இருந்திருந்தால் வருடத்துக்கு 16,000 வீதம் ஐந்து வருடத்துக்கு 80,000 சேர்ந்து 280,000 ஆகியிருக்கும். கூட்டு வட்டியில் 13,865.61 கூடுதல்.

பிழை விட்டால் எப்படித் தெரியும்

இந்தக் கணக்கில் ஒரு வருடத்தில் விட்ட பிழை அதற்குப் பிறகு வரும் எல்லா வருடங்களையும் கெடுத்துவிடும். ஆகவே ஐந்தாம் வருடம் வரை போய்ப் பிறகு சரிபார்ப்பதைவிட, வருடத்துக்கு வருடம் பார்த்துக்கொண்டு போவதுதான் நல்லது. அதற்கு வட்டி நிரலையே பாருங்கள். இரண்டாம் வருட வட்டிக்கும் முதல் வருட வட்டிக்கும் வித்தியாசம் 1,280. அது முதல் வருட வட்டியான 16,000 இன் சரியாக 8 வீதம். மூன்றாம் வருடத்துக்கும் இரண்டாம் வருடத்துக்கும் வித்தியாசம் 1,382.40. அது 17,280 இன் 8 வீதம். வட்டியே வருடத்துக்கு 8 வீதம் வளர்கிறது. எந்த இடத்தில் இந்தப் பொருத்தம் உடைகிறதோ அந்த வருடத்தில்தான் பிழை.

நான் அதிகம் காணும் பிழை, மூன்றாம் வருடத்தில் வட்டியைச் சரியாக எடுத்துவிட்டு அதைப் பழைய முதலோடு கூட்டுவது. 18,662.40 ஐ 233,280 உடன் கூட்டாமல் 216,000 உடன் கூட்டிவிடுவார்கள். அப்போது நாலாம் வருட வட்டி 18,772.99 என்று வரும். மூன்றாம் வருடத்தைவிட 110 ரூபாதான் கூடியிருக்கிறது. கூட வேண்டியது 1,490 ரூபா அளவில். கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும்.

பெருக்கலில் சந்தேகம் வந்தால் வேறு வழியால் அதே 8 வீதத்தை எடுத்துப் பார்க்கலாம். 10 வீதத்திலிருந்து அதன் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 8 வீதம்தான். 251,942.40 இன் 10 வீதம் 25,194.24. அதன் ஐந்தில் ஒன்று 5,038.85. கழித்தால் 20,155.39. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் நம்பலாம். முதலில் செய்த அதே பெருக்கலை மறுபடி செய்தால், முதலில் விட்ட பிழையை மறுபடி விடத்தான் வாய்ப்பு அதிகம்.

அந்த 13,865 ரூபா எங்கிருந்து வந்தது

மாமி இந்த இடத்தில்தான் நிறுத்தினார். “வட்டிக்கு வட்டி எண்டு சொல்லுறீர், அந்தப் பதின்மூவாயிரம் எதின்ர வட்டி?” சூத்திரத்தைக் காட்டினால் இதற்குப் பதில் கிடைக்காது. காசைத் தனித்தனிக் குவியல்களாகப் பிரித்துப் பார்த்தால் கிடைக்கும். கூட்டு வட்டியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

முதல் குவியல் எளிது. போட்ட 200,000 ரூபா ஒவ்வொரு வருடமும் 16,000 கொடுக்கிறது. ஐந்து வருடத்துக்கு 80,000. இது எளிய வட்டியிலும் வந்ததுதான்.

இப்போது அந்த ஐந்து 16,000 களையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்ப்போம். முதல் வருட முடிவில் வந்த 16,000, இன்னும் நாலு வருடம் வங்கியில் கிடக்கிறது. அது வருடத்துக்கு 1,280 ரூபா உழைக்கும். நாலு வருடத்துக்கு நாலு தடவை. இரண்டாம் வருட முடிவில் வந்த 16,000 மூன்று தடவை உழைக்கும். அடுத்தது இரண்டு தடவை, அதற்கடுத்தது ஒரு தடவை. ஐந்தாம் வருட முடிவில் வந்த 16,000 வந்த அன்றே கணக்கு முடிந்துவிடுவதால் அது ஒன்றும் உழைப்பதில்லை. ஆக 4+3+2+1, மொத்தம் பத்து தடவை. பத்து 1,280 என்றால் 12,800 ரூபா. கூடுதலாக வந்த 13,865 இல் பெரும்பகுதி இதிலேயே வந்துவிட்டது.

மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. அந்த 1,280 களும் வங்கியில்தான் கிடக்கின்றன, அவற்றுக்கும் வட்டி உண்டு. 1,280 இன் 8 வீதம் 102.40. இது எத்தனை தடவை வரும்? முதலாவது 16,000 தந்த நாலு 1,280 களும் முறையே மூன்று, இரண்டு, ஒன்று, பூச்சியம் வருடங்கள் மிச்சமிருக்க வந்தவை. அது ஆறு தடவை. இரண்டாவது 16,000 தந்தவற்றுக்கு இரண்டு, ஒன்று, பூச்சியம். அது மூன்று தடவை. மூன்றாவது 16,000 தந்தவற்றுக்கு ஒரு தடவை. நாலாவது தந்த ஒரேயொரு 1,280 கடைசி நாளில் வந்தது, அதற்கு ஒன்றுமில்லை. கூட்டினால் இதுவும் பத்து. பத்து 102.40 என்றால் 1,024 ரூபா.

இன்னும் ஒரு படி மேலே போனால் 102.40 இன் 8 வீதம், அதாவது 8 ரூபா 19 சதம், ஐந்து தடவை வருகிறது. அது 41 ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேலே ஒரேயொரு தடவை 66 சதம். இனி ஒன்றுமில்லை. 12,800, 1,024, 40.96, 0.66 என்று கூட்டிப் பாருங்கள், 13,865.62 வரும். அட்டவணையில் 61 சதம் வந்தது, இங்கே 62. வருடா வருடம் சதத்துக்குக் கீழுள்ளதை வெட்டியும் ஏற்றியும் எழுதியதால் வந்த ஒரு சத வித்தியாசம் அது. வங்கியின் கணக்குக்கும் உங்கள் கொப்பிக்கும் ஓரிரு சதம் வேறுபட்டால் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். ரூபாக்கணக்கில் வேறுபட்டால் காரணம் வேறு.

இப்படிப் பிரித்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. ஐந்து வருடத்தில் 1,280 பத்து தடவைதான் வந்தது. பத்து வருடம் விட்டால் 9+8+7 என்று ஒன்று வரை கூட்ட வேண்டும், அது 45 தடவை. 102.40 ரூபாவோ பத்து தடவையிலிருந்து 120 தடவைக்குப் போய்விடும். பத்து வருட முடிவில் மொத்தம் 431,785 ரூபா. அதில் வட்டிக்கு வந்த வட்டி மட்டும் 71,785. வருடம் இரண்டு மடங்காகும்போது அந்தப் பகுதி ஐந்து மடங்கைத் தாண்டுகிறது. கூட்டு வட்டி ஆரம்பத்தில் ஒன்றுமில்லாதது போல் இருந்து பின்னால் பெருப்பதற்குக் காரணம் இந்தத் தடவைகளின் எண்ணிக்கைதான்.

சூத்திரம் இதைத்தான் சுருக்கிச் சொல்கிறது

ஒரு தொகையோடு அதன் 8 வீதத்தைக் கூட்டுவதும் அந்தத் தொகையை 1.08 ஆல் பெருக்குவதும் ஒன்றுதான். ஐந்து வருடம் என்றால் ஐந்து தடவை 1.08 ஆல் பெருக்கல். சாதாரண தரக் கணிதத்தில் வரும் சூத்திரம் வேறொன்றும் இல்லை:

```
A = P × (1 + r/100)^n
A = 200000 × 1.08^5
```

கையால் செய்யும்போது ஐந்து தடவை பெருக்கத் தேவையில்லை. 1.08 ஐ அதனாலேயே பெருக்கினால் 1.1664. அது இரண்டு வருடத்துக்கு உரியது. 1.1664 ஐ அதனாலேயே பெருக்கினால் 1.36048896, அது நாலு வருடம். இன்னொரு தடவை 1.08 ஆல் பெருக்கினால் 1.4693280768. மூன்று பெருக்கலில் ஐந்து வருடமும் முடிந்துவிட்டது. 200,000 ஆல் பெருக்கினால் 293,865.62.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நீளமான தசம எண்ணைக் கண்டதும் 1.47 என்று சுருக்கிவிடத் தோன்றும். அப்படிச் செய்தால் விடை 294,000. 134 ரூபா அதிகம். 1.469 என்று வைத்தால் 293,800, 65 ரூபா குறைவு. பெருக்கப்போகும் தொகை இலட்சங்களில் இருப்பதால் தசமத்தின் ஒவ்வொரு இடத்துக்கும் காசு இருக்கிறது. சதம் வரை சரியாக வர வேண்டுமென்றால் ஏழு தசம இடமாவது வைத்துக்கொள்ளுங்கள். சுருக்குவதைக் கடைசியில், ரூபாவாக மாறிய பிறகு செய்யுங்கள்.

சரி, அந்த 1,600

இலங்கையில் வைப்பு வட்டியை வங்கி கணக்கில் சேர்ப்பதற்கு முன்பே அதிலிருந்து வரியைப் பிடித்துவிடுகிறது. 2023 ஜனவரியிலிருந்து அது 5 வீதமாக இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் 10 வீதம். பிடிப்பது வட்டியில் மட்டும்தான், முதலில் கை வைப்பதில்லை. மாமியின் வட்டி 16,000. அதில் 10 வீதம் 1,600. மிச்சம் 14,400 தான் முதலோடு சேர்ந்தது. வங்கி ஏமாற்றவில்லை, துண்டு சரியானது.

ஆனால் ஐந்து வருடக் கணக்கில் இது எப்படி நுழைகிறது என்பதில் பலர் தவறுகிறார்கள். முழுக் கணக்கையும் வரியில்லாமல் போட்டு, கடைசியில் வந்த 93,865.61 வட்டியில் 10 வீதத்தைக் கழித்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் 284,479.05 வரும். வங்கி கொடுப்பது அதைவிடக் குறைவாக இருக்கும். வருடா வருடம் புதுப்பிக்கும் வைப்பில் வரியும் வருடா வருடம் போகிறது. முதல் வருடம் போன 1,600 பிறகு நாலு வருடம் உழைத்திருக்க வேண்டியது, அந்த உழைப்பும் சேர்ந்து போகிறது.

சரியான வழி, வட்டி வீதத்தையே குறைத்துக்கொள்வது. 8 இல் பத்தில் ஒரு பங்கு 0.8. கழித்தால் 7.2. இனி 7.2 வீதத்துக்குப் பழைய மாதிரியே படி படியாகப் போக வேண்டியதுதான். 1 வீதத்தை எடுத்து ஏழால் பெருக்கி, அதே 1 வீதத்தின் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டினால் 7.2 வீதம். இரண்டாம் வருடத்தைச் செய்து காட்டுகிறேன். 214,400 இன் 1 வீதம் 2,144. ஏழு மடங்கு 15,008. ஐந்தில் ஒரு பங்கு 428.80. மொத்தம் 15,436.80. ஆக இரண்டாம் வருட முடிவில் 229,836.80. இப்படியே போனால் மூன்றாம் வருடம் 246,385.05, நாலாம் வருடம் 264,124.77, ஐந்தாம் வருடம் 283,141.75.

கடைசியில் கழித்த 284,479.05 க்கும் இதற்கும் 1,337 ரூபா வித்தியாசம். வரி 10 வீதம்தான் என்றாலும் அது எப்போது போகிறது என்பதற்கு இவ்வளவு விலை இருக்கிறது.

மாமிக்கு நான் சொன்ன இன்னொரு விடயம்: ஒருவருடைய வருட வருமானம், வட்டியையும் சேர்த்து, வரிக்கு விலக்களிக்கப்பட்ட 18 இலட்சத்தைத் தாண்டாவிட்டால், அவர் வங்கியில் சுய பிரகடனப் படிவம் நிரப்பிக் கொடுத்து இந்தப் பிடிப்பை நிறுத்தலாம். ஓய்வூதியத்திலும் சிறு வைப்பு வட்டியிலும் வாழும் பலர் இது தெரியாமலே வருடா வருடம் காசை விடுகிறார்கள். மாமிக்கும் தெரிந்திருக்கவில்லை. அது எனக்குக் கவலையாகத்தான் இருந்தது.

மாதா மாதம் வட்டி வாங்கினால்

வங்கியில் அதே ஒரு வருட வைப்புக்கு இரண்டு வெவ்வேறு வட்டி வீதங்கள் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வட்டியை முதிர்வில் எடுத்தால் ஒரு வீதம், மாதா மாதம் எடுத்தால் அதைவிடச் சற்றுக் குறைந்த வீதம். உதாரணத்துக்கு முதிர்வில் 8, மாதாந்தம் 7.5 என்று வைப்போம். பக்கத்தில் ஏ.ஈ.ஆர். என்று இன்னொரு எண்ணும் இருக்கும். வருடம் முழுக்க வட்டியைத் தொடாமல் அதே வீதத்தில் சேர்த்துக்கொண்டே போனால் உண்மையில் எத்தனை வீதம் கிடைக்கும் என்பதைச் சொல்லும் எண் அது.

அதைக் கையால் கண்டுபிடிக்க, மேலே தடவைகளை எண்ணிய அதே முறை போதும். வரியை இப்போதைக்கு விட்டுவிடுவோம். 7.5 ஐ 12 ஆல் வகுத்தால் மாதத்துக்கு 0.625 வீதம். 200,000 ரூபாவுக்கு மாதம் 1,250. பன்னிரண்டு மாதத்துக்கு 15,000. இனி அந்த 1,250 கள் உழைப்பதைப் பார்ப்போம். 1,250 இன் 0.625 வீதம் 7 ரூபா 81 சதம். எத்தனை தடவை? முதல் மாத வட்டி பதினொரு மாதம் கிடக்கிறது, அடுத்தது பத்து மாதம், இப்படி ஒன்று வரை. 11 முதல் 1 வரை கூட்டினால் 66. 66 தடவை என்றால் ஏறக்குறைய 516 ரூபா. அதற்கு மேலுள்ள படிகள் எல்லாம் சேர்ந்தும் 11 ரூபா அளவுதான். மொத்தம் சுமார் 15,526. அதாவது 7.76 வீதம். ஏ.ஈ.ஆர். என்ற இடத்தில் இருக்கும் எண் இதுதான்.

ஆனால் கவனியுங்கள், இந்த 526 ரூபாவும் வட்டி அதே வைப்புக்குள் திரும்பப் போனால் மட்டும்தான் வரும். மாதாந்த வட்டி வைப்பில் வட்டி பொதுவாக உங்கள் சாதாரண சேமிப்புக் கணக்குக்குத்தான் போகும். அங்கே வீதம் இதைவிட நன்றாகக் குறைவு. அந்தக் காசை எடுத்து மின்சாரக் கட்டணம் கட்டினால் வட்டிக்கு வட்டி என்று ஒன்றுமே இல்லை, வருடத்துக்கு வந்தது 15,000 தான். மாதச் செலவுக்குக் காசு வேண்டுபவர் மாதாந்த வட்டி வாங்குவதில் ஒரு தவறும் இல்லை. அவருக்கு அது எளிய வட்டி என்று தெரிந்திருந்தால் போதும்.

வீதம் மாறினால்

மாமியின் கணக்கில் ஐந்து வருடமும் 8 வீதம் என்று வைத்தோம். உண்மையில் ஒரு வருட வைப்பைப் புதுப்பிக்கும்போது அன்று வங்கியில் என்ன வீதமோ அதுதான் கிடைக்கும். அது எவ்வளவு மாறும் என்பதைக் கொழும்பில் வைப்பு வைத்திருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் ஏற்றியது. வைப்பு வீதங்களும் பின்னாலேயே ஏறி, 20 ஐத் தாண்டிப் போய்ப் பிறகு இறங்கின.

வீதம் மாறினால் ஐந்து தடவை ஒரே எண்ணால் பெருக்க முடியாது. அந்தந்த வருடத்துக்கு உரிய எண்ணால் பெருக்க வேண்டும். மூன்று வருடத்தில் முறையே 8, 10, 6 வீதம் கிடைத்தது என்று வைப்போம். 1.08 ஐ 1.10 ஆல் பெருக்கினால் 1.188. அதை 1.06 ஆல் பெருக்கினால் 1.25928. 200,000 ரூபா 251,856 ஆகிறது. 6 முதலிலும் 10 கடைசியிலும் வந்திருந்தாலும் இதே விடைதான், ஏனென்றால் பெருக்கலில் வரிசை முக்கியமில்லை. மாமி இதை நம்பவில்லை. பெரிய வீதம் கடைசியில், தொகை பெருத்த பிறகு வந்தால் கூடுதலாக வர வேண்டுமே என்றார். 6, 8, 10 என்ற வரிசையில் அவரே போட்டுப் பார்த்தார். 212,000, பிறகு 228,960, பிறகு 251,856.

மூன்று வீதத்தின் சராசரியும் 8 தான். அதையே மூன்று வருடமும் வைத்தால் 251,942.40. மாறிய வீதங்களில் வந்தது 86 ரூபா 40 சதம் குறைவு. சராசரி எப்போதும் சற்றுக் கூடுதலாகவே காட்டும், வீதங்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிப் போகப் போக இந்த இடைவெளியும் பெருக்கும். ஆகவே மோட்டாக ஒரு மதிப்பு வேண்டுமென்றால் சராசரி போதும். துண்டோடு ஒப்பிட வேண்டுமென்றால் வருட வருடமாகத்தான் போட வேண்டும்.

நாட்கணக்கு என்று ஒரு சிறு விடயமும் உண்டு. வருடத்தை 365 நாளாக வைத்து, கிடந்த நாட்களை எண்ணி வட்டி போடும் இடத்தில், 2028 பெப்ரவரி 29 ஐக் கடந்து போகும் வைப்புக்கு 366 நாள் வட்டி வரலாம். 200,000 ரூபாவுக்கு 8 வீதத்தில் அந்த ஒரு நாளின் பெறுமதி 43 ரூபா 84 சதம். உங்கள் விடைக்கும் துண்டுக்கும் இப்படி ஒரு நாள் வட்டியளவில் வித்தியாசம் வந்தால் முதலில் திகதிகளை எண்ணிப் பாருங்கள்.

மாமி போகும்போது கொப்பியின் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கேட்டார். அடுத்த வருடத் துண்டில் வர வேண்டிய 229,836.80 ஐ அதன் மேல் மூலையில் பெரிதாக எழுதி, பக்கத்தில் “படிவம் குடுத்தா” என்று போட்டு, இன்னொரு எண்ணுக்கு இடம் விட்டார். படிவம் ஏற்கப்பட்டு வரி பிடிக்கப்படாவிட்டால் அந்த இடத்தில் என்ன வரும் என்று கேட்டேன். 214,400 இன் 1 வீதம் 2,144 என்று தொடங்கி, எட்டு மடங்கைக் கூட்டி, 231,552 என்று அவரே எழுதினார்.